பலகை எழுதும் முன் எழுத்துக் கூட்டிப் பாருங்கள்



புதிதாகத் தொழில் தொடங்கும் இளைஞர்கள் நம்மிடம் வந்து கடைக்குப் பெயர் கேட்பது பழைய வழக்கம். முன்பெல்லாம் குலதெய்வத்தின் பெயரையோ தாத்தாவின் பெயரையோ சொல்லி அனுப்பி விடுவோம். இப்போது அப்படிச் சொல்லி அனுப்ப முடிவதில்லை. பெயரைத் தமிழில் வைத்த கையோடு, அதை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்பதையும் அன்றே முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது. இணையதளத்தின் பெயர், இ-மெயில் முகவரி, இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், யூடியூப் கணக்குகளின் பெயர் எல்லாம் அந்த ஆங்கில எழுத்துக் கூட்டில்தான் நிற்கின்றன. புதிய கடைக்காரர் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான் என்பது நமது கருத்து. ஆகவே இக்கட்டுரையில் இதை மட்டும் எடுத்துக் கொள்கிறோம்.

நம்மில் மூத்த அங்கத்தினர்களுக்கு இது முற்றிலும் புதிய சங்கதி அல்ல. மொத்த வியாபாரிகளின் லெட்டர் பேடுகளில் தொலைபேசி எண்ணுக்குப் பக்கத்தில் "தந்தி" என்று போட்டு ஒரே ஒரு சொல் அச்சிட்டிருக்கும். தந்தி அலுவலகத்தில் ஆண்டுக் கட்டணம் கட்டிப் பதிவு செய்து வைத்த சுருக்க முகவரி அது. அதே ஊரில் இன்னொருவர் அதே சொல்லைப் பதிய முடியாது. கட்டணம் கட்டத் தவறினால் சொல் கைவிட்டுப் போகும். 2013 ஜூலையில் பி.எஸ்.என்.எல். தந்திச் சேவையை நிறுத்தியதோடு அந்த வழக்கமும் முடிந்தது. இணையத்தின் டொமைன் பெயர் ஏறக்குறைய அதேதான். ஆண்டுக்கு ஆண்டு வாடகை, ஒரு பெயருக்கு ஒரே ஆள். வித்தியாசம் ஒன்று உண்டு. தந்திச் சொல் ஓர் ஊருக்குள் ஒன்றாக இருந்தால் போதும். டொமைன் பெயரோ உலகம் முழுவதற்கும் ஒன்றுதான். திருச்சியில் நாம் நினைத்த பெயரை டெக்ஸாஸில் ஒருவர் இருபது ஆண்டுக்கு முன்பே எடுத்து வைத்திருக்கக் கூடும்.

எழுத்துக் கூட்டின் தொல்லைக்கு நம் ஊரையே எடுத்துக் கொள்ளலாம். வெள்ளைக்காரன் Trichinopoly என்றான். ரயில் நிலையப் பலகையில் Tiruchchirappalli என்று ch இரண்டு முறை வருகிறது. மாவட்ட நிர்வாகத்தின் இணையதளம் tiruchirappalli.nic.in என்று ஒரு ch-ஓடு நிற்கிறது. ஆங்கிலப் பத்திரிகை Tiruchi என்கிறது, பேருந்துகளும் கடைகளும் Trichy என்கின்றன. துவாக்குடியிலுள்ள தேசிய தொழில்நுட்பக் கழகத்தை ஊரே என்.ஐ.டி. திருச்சி என்றுதான் சொல்லுகிறது. அதன் தளமோ nitt.edu. ஒரே ஊர்தான், எல்லோரும் சரியாகத்தான் எழுதுகிறார்கள். ஆனால் தட்டச்சு செய்கிறவன் எதை அடிப்பான் என்று யாராலும் சொல்ல முடியாது.

தமிழக அரசுக்கே இதில் பட்டறிவு உண்டு. 2020 ஜூன் மாதத்தில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக் கூட்டைத் தமிழ் உச்சரிப்பின்படி மாற்றி அரசாணை வெளியாயிற்று. கோயம்புத்தூர் Koyampuththoor ஆயிற்று, தூத்துக்குடி Thooththukkudi ஆயிற்று. பல பக்கத்திலிருந்தும் விமர்சனம் வரவே, அதே மாதம் 18-ஆம் தேதி அரசாணை திரும்பப் பெறப்பட்டது. எந்த எழுத்துக் கூட்டு சரி என்ற வாதத்தில் அரசாலேயே நிற்க முடியவில்லை என்றால், புதிதாகக் கடை வைத்தவர் மட்டும் எப்படி நிற்பார்?

இனி ஒரு காரியத்தை எடுத்து முழுதும் பார்ப்போம். ஸ்ரீரங்கத்தைச் சேர்ந்த ஓர் இளம் தம்பதி, நம் மாவட்டத்து வாழைக்காயை வாங்கிச் சிப்ஸும் வாழைக்காய் மாவும் செய்து பாக்கெட்டில் விற்க முனைந்தார்கள். பெயர் விஷயமாக நம்மிடம் யோசனை கேட்டார்கள். அவர்கள் பெயரை இங்கே அச்சிடுவது முறையல்ல என்பதால், கீழே வரும் பெயர்களை உதாரணத்துக்காக நாமே இட்டிருக்கிறோம். வேறு யாரையும் குறிப்பன அல்ல.

முதலில் அவர்கள் மனத்திலிருந்த பெயர் "வாழைத்தோட்டம்". கேட்க நன்றாயிருக்கிறது, சரக்குக்கும் பொருத்தம். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால்தான் தொல்லை. "வா" என்பதை va என்றும் vaa என்றும் எழுதுவார்கள், அது இரண்டு வழி. "ழ" வரும் இடத்தில் zh, z, l என்று மூன்று வழி. கடைசி "ஐ" ஒலிக்கு ai, ei, ay என்று மூன்று. ஆக "வாழை" என்ற ஒரு சொல்லுக்கே பதினெட்டு எழுத்துக் கூட்டு. "தோட்டம்" என்பதில் முதல் எழுத்து th அல்லது t, நடுவில் tt அல்லது ஒரே t. அது நான்கு வழி. பதினெட்டை நான்கால் பெருக்கினால் எழுபத்திரண்டு. இதில் அவர்கள் எடுக்கப் போவது ஒன்று. மீதி எழுபத்தொன்றையும் வாடிக்கையாளர் அடிக்கலாம், அடித்தவர் வேறெங்கோ போய்ச் சேரலாம்.

கணக்கு மிகை என்று அந்தப் பையன் சொன்னார். சரி, சோதித்துப் பாருங்கள் என்றோம். சோதனை மிக எளிது. பெயரை எழுதிக் காட்டாமல், போனில் வாயால் மட்டும் சொல்லி, ஐந்து பேரை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பச் சொல்ல வேண்டும். லாரி புக்கிங் ஆபீஸ் குமாஸ்தா, வெளியூர் வாடிக்கையாளர், கல்லூரிப் பிள்ளை, வீட்டுப் பெண்மணி, தமிழ் தெரியாத ஒருவர் என்று ஐந்து விதமாக இருந்தால் நல்லது. ஐவரும் எழுதியது ஐந்து விதமாகத் திரும்பி வந்தது. தமிழ் தெரியாதவர் எழுதியதை நாம் இங்கே எழுதவில்லை. நால்வராவது ஒரே மாதிரி எழுதுகிற பெயர்தான் தேறும் என்பது நாம் வைத்திருக்கும் அளவு.

எந்த எழுத்துகள் தொல்லை தரும் என்பதற்குத் தனி விதி தேவையில்லை. ழகரம் முதல் எதிரி. நெடில் ஓசை அடுத்தது, a ஒன்றா இரண்டா என்று தெரியாது. த என்பதற்கு t போடுவாரும் th போடுவாரும் உண்டு. "திரு" என்று தொடங்கும் பெயர் எல்லாவற்றுக்கும் இந்தத் தொல்லை உண்டு. "ஸ்ரீ" என்பதற்கு Sri, Shri, Shree, Sree என்று நான்கு. வல்லெழுத்து இரட்டித்தால் ஆங்கிலத்திலும் இரட்டிப்பதா என்ற கேள்வி வரும். இவை இல்லாத தமிழ்ச் சொற்கள் ஏராளம். மணி, நிலம், மரம், வனம், கனி போன்றவற்றை யார் எழுதினாலும் அநேகமாக ஒரே மாதிரிதான் எழுதுவார்கள்.

அவர்கள் இரண்டு நாள் யோசித்துவிட்டு "கனிவனம்" என்று கொண்டு வந்தார்கள். kanivanam என்று ஒன்பது எழுத்து. அதே ஐவருக்கு மறுபடியும் போன் போட்டதில் நால்வர் அப்படியே எழுதினார்கள். ஒருவர் மட்டும் முதல் எழுத்தை g என்று எழுதினார். இது தேறும்.

ஒன்பது எழுத்து என்று எண்ணிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. டொமைன் பெயரில் ஆங்கில எழுத்து, எண், நடுவே இணைப்புக்கோடு இவை வரலாம். புள்ளிக்கு முன் 63 எழுத்து வரை இடமுண்டு. ஆனால் சமூக வலைத்தளங்களின் விதி வெவ்வேறு. இன்ஸ்டாகிராம் 30 எழுத்து வரை இடம் தருகிறது, இணைப்புக்கோட்டை ஏற்பதில்லை. ஃபேஸ்புக் பக்கத்துக்கு ஐந்து எழுத்தாவது வேண்டும், அதுவும் அடிக்கோட்டை ஏற்பதில்லை. முன்பு ட்விட்டர் எனப்பட்ட எக்ஸ் தளத்தில் 15 எழுத்துக்கு மேல் கிடையாது. எல்லா இடத்திலும் செல்லுபடியாவது எது என்று பார்த்தால், வெறும் எழுத்துகளால் ஆன, ஐந்துக்குக் குறையாத, பதினைந்துக்கு மிகாத பெயர்தான். இணைப்புக்கோடு, அடிக்கோடு, புள்ளி எதுவும் வேண்டாம். போனில் சொல்லும்போதும் "நடுவில் ஒரு கோடு" என்று சொல்லிக் கொண்டிருக்க வேண்டியதில்லை.

வேடிக்கை என்னவென்றால் tiruchirappalli என்பது எண்ணிப் பார்த்தால் சரியாகப் பதினைந்து எழுத்து. ஊர்ப் பெயரைப் போட்டால் கடைப் பெயருக்கு இடமே இராது. Trichy என்று சுருக்கிச் சேர்க்கலாமே என்பார்கள். நம் ஊர் மீது நமக்கும் பற்று உண்டு. ஆனாலும் ஊர்ப் பெயரும் சரக்குப் பெயரும் மட்டும் சேர்ந்த பெயர் யாருக்கும் தனிச் சொத்தாகாது. நாளைக்கு மற்றொருவரும் அதோடு ஒரு எழுத்தைக் கூட்டி வைத்துக் கொள்வார், தடுக்க முடியாது. சில இடங்களில் இன்னொரு சிக்கலும் வரும். மணப்பாறை முறுக்குக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெயரைத் தன் டொமைனில் வைத்துக் கொண்டு வேறு ஊரில் சுட்ட முறுக்கை விற்பவர், சட்டத்தின் எதிரே நிற்க வேண்டி வரும்.

பெயர் தேறிய பிறகு, அது காலியாக இருக்கிறதா என்று பார்ப்பது. இதில் நம் மக்கள் நேரே டொமைன் விற்கும் தளத்துக்குப் போய்ப் பெயரை அடித்து, கிடைத்தால் வாங்கி, பலகையும் எழுதி விடுகிறார்கள். டொமைன் கிடைத்தது என்பதற்கும் அந்தப் பெயரில் வியாபாரம் செய்யலாம் என்பதற்கும் சம்பந்தமில்லை. முதலில் பார்க்க வேண்டியது டிரேட் மார்க் பதிவேட்டை. ipindia.gov.in தளத்தின் பொதுத் தேடலில் இலவசமாகப் பார்க்கலாம். அதில் எழுத்து ஒப்பத் தேடுவது போலவே, ஒலி ஒப்பத் தேடும் வசதியும் உண்டு. நமக்கு வேண்டியது அந்த ஒலித் தேடல்தான். சரக்கு வகைப்படி தேட வேண்டும். வாழைக்காய் சிப்ஸ் 29-ஆம் வகுப்பில் வரும், மாவு 30-ஆம் வகுப்பில் வரும். இரண்டிலும் பார்த்தார்கள். தொல்லை தரும் பெயர் இல்லை.

ஓர் எழுத்துதானே வித்தியாசம் என்று எண்ணுவோருக்கு இரண்டு வழக்குகளைச் சொல்ல வேண்டும். ரெடிஃப் நிறுவனத்தின் rediff.com இருக்கையில் மற்றொருவர் radiff.com என்று வைத்தார். 1999-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் தடை விதித்தது. சத்யம் இன்ஃபோவே நிறுவனம் Sify என்ற பெயரை டொமைனாகப் பதிந்து நடத்தி வந்தது. அதன் பிறகு வேறொரு நிறுவனம் siffynet என்று ஒரு f-ஐக் கூட்டிப் பதிந்து கொண்டது. வழக்கு பெங்களூரில் தொடங்கி உச்சநீதிமன்றம் வரை போயிற்று. 2004 மே மாதத்தில் உச்சநீதிமன்றம், டொமைன் பெயருக்கும் வியாபாரப் பெயருக்குரிய பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்புக் கூறி, முதலில் வைத்தவர் பக்கம் நின்றது. இதிலிருந்து நம் கடைக்காரர் எடுத்துக் கொள்ள வேண்டியது ஒன்று. நீதிமன்றம் காப்பாற்றியது பலரும் அறிந்த பெயரை. நேற்று பிறந்த கடைக்கு அந்தப் பேர் இன்னும் கிடைத்திருக்காது. ஆகவே வாதியாக நிற்கும் இடத்தை விட, பிரதிவாதியாக நிற்க வேண்டிய இடந்தான் அவருக்கு அருகில் இருக்கிறது.

அடுத்து டொமைன், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், யூடியூப், எக்ஸ் இவற்றை ஒரே அமர்வில் பார்க்க வேண்டும். ஒன்றை இன்று வாங்கி மற்றதை அடுத்த வாரம் பார்ப்பது கூடாது. நம் உதாரணத்தில் .in கிடைக்கிறது, .com வேறொருவரிடம் இருக்கிறது, இன்ஸ்டாகிராமில் யாரோ ஒருவர் அந்தப் பெயரில் கணக்குத் தொடங்கி ஒரு படமும் போடாமல் விட்டிருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

.com யாரிடம் இருக்கிறது என்பதைத் திறந்து பார்க்க வேண்டும். அதே சரக்கை விற்கும் ஒருவர் எந்த நாட்டில் இருந்தாலும், அந்தப் பெயரை விட்டுவிடுவதே நல்லது. வேறு தொழில், வேறு தேசம் என்றால் பாதகமில்லை. பக்கத்தில் "இப்பெயர் விற்பனைக்கு" என்று மட்டும் எழுதியிருந்தால், பேரம் பேசிப் பணத்தைப் போடுவது புதிய கடைக்கு வேண்டாத செலவு. அந்தப் பணத்துக்கு ஒரு சீலிங் மெஷின் வாங்கலாம். .in பெயர் 2005 முதல் எல்லோருக்கும் திறந்து விடப்பட்டது. நிக்ஸி என்ற இந்திய அமைப்பு அதை நிர்வகிக்கிறது. உள்நாட்டில் விற்பவருக்கு அது எந்த வகையிலும் குறைவானதல்ல.

இன்ஸ்டாகிராம் பெயர் போய்விட்டது என்றால் என்ன செய்வது? அங்கே மட்டும் பின்னால் ஒரு 1 போட்டு, ஃபேஸ்புக்கில் official என்று போட்டு, யூடியூபில் ஊர்ப் பெயரைச் சேர்ப்பது நம் ஆட்கள் வழக்கம். பாக்கெட்டின் பின்புறம் நான்கு விதமாக அச்சிட வேண்டியதாகும். அதை விட, எல்லா இடத்துக்கும் பொதுவாக ஒரே வாலைச் சேர்த்து, டொமைனையும் அதற்கேற்ப மாற்றிக் கொள்வது மேல். kanivanamfoods என்றால் பதினான்கு எழுத்து, பதினைந்துக்குள் அடங்குகிறது. டொமைன் kanivanamfoods.in, கணக்குகள் எல்லாவற்றிலும் kanivanamfoods. கடைப் பலகையில் தமிழில் கனிவனம் என்று மட்டும் இருந்தால் போதும். அமர்வு முடியும் முன்பே எல்லாவற்றையும் பதிந்து விட வேண்டும். இன்று பயன்படுத்தாத கணக்கானாலும் பெயரைப் பிடித்து வைப்பதற்குச் செலவு கிடையாது. கையில் காசிருந்தால், ஐவர் சோதனையில் அதிகம் வந்த தவறான எழுத்துக் கூட்டையும் இன்னொரு டொமைனாக வாங்கிச் சரியான தளத்துக்குத் திருப்பி விடலாம். ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். பெயர் யார் கையில் இருக்கிறது என்பது. நம் வீதியில் நன்றாக நடக்கும் ஒரு கடையின் இணையதளத்தை ஒரு பையன் செய்து கொடுத்தான். பெயரையும் அவனே, தன் சொந்த இ-மெயிலில், தன் கார்டில் வாங்கினான். மோசக்காரன் அல்ல, வேலை நன்றாகவே செய்தான். பிறகு வளைகுடாவுக்குப் போய்விட்டான், பழைய கைபேசி எண்ணையும் விட்டுவிட்டான். புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்கள் எல்லாம் அவன் திறக்காத பெட்டிக்குப் போயின. ஒரு காலையில் தளமும் இல்லை, இ-மெயிலும் இல்லை. கடைக்காரர் பணத்தோடு நின்றார், கட்டுவதற்கு வழி தெரியவில்லை. கடை வாடகை ஒப்பந்தத்தில் கணக்குப்பிள்ளையின் பெயரைப் போடுவோமா? இதில் மட்டும் போடுகிறோம்.

யார் கையில் இருக்கிறது என்று தெரிந்து கொள்ள மூன்று கேள்விகள் போதும். பெயர் பதிவு நிறுவனத்தின் பில் யார் பெயரில் வந்தது? உள்ளே நுழையும்போது ஓ.டி.பி. யாருடைய போனுக்கு வருகிறது? புதுப்பிக்கும் நினைவூட்டல் எந்த இ-மெயிலுக்கு வருகிறது? மூன்றுக்கும் விடை உரிமையாளர் என்றால் சரி. ஒன்றில் பிசகினாலும் அன்றே மாற்றச் சொல்ல வேண்டும். வெளியே பொதுத் தேடலில் பார்த்து உரிமையாளரை அறியலாம் என்று சிலர் சொல்வார்கள். .com பெயர்களில் 2018-க்குப் பிறகு பெரும்பாலும் உரிமையாளரின் விவரம் மறைக்கப்பட்டே தெரிகிறது. கணக்குக்குள் நுழைந்துதான் பார்க்க வேண்டும்.

இதிலேயே இன்னொரு பொறி. பதிவு நிறுவனத்திடம் தொடர்பு முகவரியாக அதே டொமைனின் இ-மெயிலைக் கொடுக்கக் கூடாது. டொமைன் நின்றால் இ-மெயிலும் நிற்கும். நின்றதைச் சொல்லும் கடிதம் நின்றுபோன பெட்டிக்கே வரும். உரிமையாளரின் பழைய சொந்த இ-மெயிலையே அங்கே கொடுக்க வேண்டும். .com போன்றவற்றில் வாங்கியவுடன் முகவரியை உறுதி செய்யச் சொல்லி ஒரு கடிதம் வரும். பதினைந்து நாளுக்குள் அதிலுள்ள இணைப்பை அழுத்தாவிட்டால் பெயரை நிறுத்தி வைத்து விடுவார்கள். திறப்பு விழா முடிந்த இரண்டாம் வாரத்தில் "தளம் திடீரென்று போய்விட்டது" என்று புலம்புவோருக்கு நாம் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்.

புதுப்பிக்கத் தவறினால் உடனே பறிபோய்விடாது. பதிவு நிறுவனத்தைப் பொறுத்துச் சில நாட்கள் முதல் நாற்பத்தைந்து நாட்கள் வரை சாதாரணக் கட்டணத்தில் மீட்கலாம். அதன் பிறகு .com பெயருக்கு முப்பது நாள், கூடுதல் அபராதத்துடன் மீட்கலாம். அதுவும் போனால் யார் வேண்டுமானாலும் எடுத்துக் கொள்ளலாம். விலையைப் பொறுத்தவரை முதல் ஆண்டு விலையை நம்ப வேண்டாம். வாங்கும்போது அற்ப விலைக்குக் கொடுத்து, இரண்டாம் ஆண்டிலிருந்து பல மடங்கு கேட்பது அந்த வியாபாரத்தின் வழக்கம். புதுப்பிக்கும் விலை என்ன என்று பார்த்துவிட்டு நிறுவனத்தைத் தேர்வு செய்ய வேண்டும். மூன்று ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டுவது இன்னும் நல்லது.

டொமைன் வாங்கிய பிறகும் பலர் ஜிமெயில் முகவரியையே அச்சிடுகிறார்கள். சில்லறைக் கடைக்கு அதனால் குற்றமில்லை. பாக்கெட் போடுகிறவருக்கு நிலைமை வேறு. பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு எடையளவு விதிப்படி, நுகர்வோர் புகார் சொல்ல வேண்டிய பெயர், விலாசம், தொலைபேசி எண், இ-மெயில் முகவரி ஆகியவை பாக்கெட்டில் இருக்க வேண்டும். பாக்கெட் ஃபிலிம் அச்சிட நிறத்துக்கு ஒரு சிலிண்டர் செதுக்குகிறார்கள். முகவரியில் ஓர் எழுத்து மாறினால் அந்த சிலிண்டர் வீண், அடித்து வைத்த ரோலும் வீண். வேலைக்கு வந்த பையன் தொடங்கிய ஜிமெயிலை அச்சிட்டுவிட்டு, அவன் போன பிறகு உள்ளே நுழைய முடியாமல் விழிப்பதை விட, care@kanivanamfoods.in என்று அச்சிட்டால், யார் வந்தாலும் போனாலும் பெட்டி கடையிலேயே இருக்கும். தொடக்கத்தில் ஒரே பெட்டி போதும். care, orders, accounts என்று மூன்று முகவரிகளையும் அந்த ஒரு பெட்டிக்கே வரும்படி செய்யலாம்.

கடிதம் வந்தால் மட்டும் போதாது, நாம் அனுப்பும் கடிதம் வாங்குபவரின் குப்பைப் பெட்டிக்குப் போகாமல் இருக்க வேண்டும். விலைப்பட்டியல் அனுப்பினோம், பதிலே இல்லை என்பவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணமாக இருக்கும். நமது டொமைனின் பெயரில் கடிதம் அனுப்ப எந்த சர்வருக்கு அனுமதி என்று டொமைன் அமைப்பில் ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். கூகுளின் கட்டணச் சேவையில் பெட்டி வைத்திருந்தால் அந்த வரி இப்படி இருக்கும்:

```
v=spf1 include:_spf.google.com ~all
```

இதன் பொருள் நமக்குத் தெரிய வேண்டியதில்லை. சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தால் போதும். கடையின் புதிய முகவரியிலிருந்து நம் சொந்த ஜிமெயிலுக்கு ஒரு கடிதம் அனுப்பி, கணினியில் அதைத் திறந்து, மேலே மூன்று புள்ளியை அழுத்தினால் Show original என்று வரும். அதற்குள் SPF, DKIM என்ற இரண்டுக்கும் எதிரே PASS என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் அமைத்துக் கொடுத்தவருக்கு மீதிப் பணம் கொடுப்பதை நிறுத்தி வைக்கலாம்.

எண் கணிதம் பார்க்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. நம்பிக்கையில் நாம் தலையிடுவதில்லை. ஆனால் கூட்டுத்தொகை சரியாக வர வேண்டும் என்று ஒலியில் இல்லாத ஒரு a-யையோ h-ஐயோ பெயருக்குள் செருகினால், அதை வாயால் கேட்டவர் ஒருவரும் அடிக்க மாட்டார். ஐவர் சோதனையில் தேறிய மூன்று நான்கு பெயர்களை ஜோசியரிடம் கொண்டு போய், அவற்றில் ஒன்றைத் தேர்ந்து தரச் சொல்லலாமே. பெயர் முழுவதையும் மாற்ற அவருக்கு உரிமை கொடுங்கள். எழுத்தைச் செருக மட்டும் கொடுக்காதீர்கள்.

தமிழிலேயே டொமைன் வைக்க முடியாதா என்று நம் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். முடியும். .இந்தியா என்று முடியும் தமிழ்ப் பெயர்களை நிக்ஸியே தருகிறது. இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் அதுபோல் தமிழ் முடிவுகள் உண்டு. ழகரத் தொல்லை அங்கே இல்லை. ஆனால் தமிழ் எழுத்தில் அமைந்த இ-மெயில் முகவரியைப் பல படிவங்கள் ஏற்பதில்லை. சமூகக் கணக்குப் பெயர்களும் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் அமைகின்றன. ஆகவே அதை இரண்டாவது பெயராக வாங்கி ஆங்கிலப் பெயருக்குத் திருப்பி விடலாம். ஆசைக்கு வாங்குவதில் தவறில்லை.

காந்தி மார்க்கெட்டில் ஐம்பது கடைகளுக்குச் சரக்குப் போடுகிற நமக்கு இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்பது நியாயமே. வாங்குகிறவர் அனைவரையும் முகம் பார்த்துத் தெரியும் என்றால் போன் நம்பரும் வாட்ஸ்அப்பும் போதும். டொமைன் வாங்கச் சொல்லி நாம் வற்புறுத்த மாட்டோம். முகம் தெரியாதவர் கையில் பாக்கெட் போய்ச் சேரும் தொழிலுக்குத்தான் இது.

அந்தத் தம்பதி டிரேட் மார்க்குக்கு இரண்டு வகுப்பிலும் விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். தனி நபருக்கும் சிறு தொழிலுக்கும் இணைய வழியில் வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம். சிலிண்டருக்கு ஆர்டர் கொடுத்தது டொமைன், கணக்குகள், இ-மெயில் மூன்றும் கைக்கு வந்து, மேற்சொன்ன PASS இரண்டையும் பார்த்த பிறகுதான். புதுப்பிக்கும் தேதியைக் கணினியில் மட்டும் குறிக்காமல், புதுக்கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் கடை வாடகைத் தேதிக்குக் கீழே எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறோம்.